மூன்று இஞ்ச் கூடின லெஹங்கா

சூலக்கோட்டையில் ஒரு கல்யாணப் பெண் தரையை விட்டு மூன்று இஞ்ச் மேலே நின்றாள் என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எப்படி நின்றாள்? எங்கள் ஊரில் யாரும் அதைக் கேட்கவில்லை. மேலே நிற்கிறவள் கோயிலுக்குள் போகும்போது செருப்பைக் கழற்ற வேண்டுமா, வேண்டாமா. அவளுக்கு ஆரத்தி எடுக்கிறவர்கள் தட்டை எங்கே நிறுத்துவது. அது என்ன துணி, மீட்டர் எங்கே கிடைக்கும், யார் தைத்தது. இவைதான் நாங்கள் கேட்டவை. இதில் கடைசிக் கேள்விக்கு மட்டும்தான் எல்லோருக்கும் முன்பே பதில் தெரியும். தைத்தது மெகருன்னிசா. எங்கள் ஊரில் வேறு யார் தைத்திருந்தாலும் அது தரையிலேயே கிடந்திருக்கும்.

அந்தப் பெண்ணின் பெயர் சண்முகவடிவு. உயரமான பெண். அவள் உயரத்தைப் பற்றி எங்கள் ஊர் பேசாத நாளில்லை. பள்ளிக்கூடத்தில் கொடிக்கம்பம் என்றோம், குழாயடியில் தென்னங்கன்று என்றோம், பஸ்ஸில் அவளுக்குப் பின்னால் உட்கார நேர்ந்தவர்கள் சினிமாக் கொட்டகையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்ததைப்போல அலுத்துக்கொண்டார்கள். சொல்லிச் சொல்லி நாங்களே அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துவிட்டோம். தோளை முன்னுக்குத் தள்ளி, கழுத்தை உள்ளே இழுத்து, ஒரு முழங்காலை எப்போதும் மடக்கி, யாரோடு நின்றாலும் அவர்களுக்கு ஒரு விரல் குறைவாக நிற்கக் கற்றுக்கொண்டாள். வங்கியில் வேலை கிடைத்து, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பணம் எண்ணிக் கொடுக்கத் தொடங்கியபோது அவள் அம்மா சீனியம்மாளுக்கு வேலை கிடைத்ததைவிட, அது உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பதில்தான் பெரிய நிம்மதி.

வந்த வரன்கள் எல்லாம் வாசல் நிலையில் அவள் தலை எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போயின. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள்; உயரத்தில் மட்டும் பொய் சொல்ல முடியாது, அது எழுந்து நின்றால் தெரிந்துவிடும். கடைசியில் விருதுநகரில் மருந்துக்கடை வைத்திருக்கும் ராஜவேல் வந்தான். அவளைவிட இரண்டு விரல் குறைவு. அவன் அதைக் கவனித்தானோ இல்லையோ, அவன் அம்மா அங்கயற்கண்ணி கவனித்தாள். பெண்ணை நிற்கச் சொன்னாள், நடக்கச் சொன்னாள். வடிவு தன் ஆயுசிலேயே அதிகமாகக் கூனியது அன்றுதான். கூனியபடி அவனுக்குச் சரியாக வந்தாள். அங்கயற்கண்ணி வெற்றிலையை எடுத்துக்கொண்டாள். சீனியம்மாள் சமையலறைக்குள் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில்தான்.

இப்போதெல்லாம் எங்கள் பக்கம் காலையில் தாலி கட்டுகிறபோது கூறைப்புடவை, முந்தின நாள் மாலை ரிசப்ஷனுக்கு லெஹங்கா என்று ஆகிவிட்டது. எப்போது ஆனது, யார் கொண்டுவந்தது என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை, ஏதோ அகத்திய முனிவர் வைத்துவிட்டுப் போன வழக்கம் மாதிரி கடைப்பிடிக்கிறோம். அங்கயற்கண்ணியே மதுரைக்குப் போய்த் துணி எடுத்து வந்தாள். மயில்கழுத்து நிறத்தில் கச்சாப் பட்டு. திருப்பினால் பச்சை, திருப்பாவிட்டால் நீலம். அதைக் கையில் வாங்கிய மெகர் விரலுக்கிடையில் கசக்கி, விட்டு, மடிப்பு எப்படி எழுகிறது என்று பார்த்து, "துணிக்கு நெஞ்சு இருக்கு" என்றாள். மெகரிடமிருந்து அதற்குமேல் பாராட்டு வராது. தன்னைத் தவிர வேறு எதையும் அவள் அதிகம் புகழ்ந்ததில்லை.

மெகர் பத்து வருஷம் சூரத்தில் புருஷனோடு இருந்து தைத்தவள். குரல் பெரிது, சண்டை அதைவிடப் பெரிது. அவள் கடையில் துணியைத் தரையில் விரித்துத்தான் வெட்டுவாள், அதனால் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். மாவட்ட ஆட்சியர் வந்தாலும் அதுதான் சட்டம் என்று அவளே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள். ஆட்சியர் இதுவரை வரவில்லை.

அளவெடுக்க வடிவு வந்து நின்றாள், வழக்கம்போலக் கூனிக்கொண்டு. மெகர் டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு அவளைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"நிமிரு புள்ள."

"நான் இப்படித்தாங்க்கா நிப்பேன்."

"நீ நிக்கிற மாதிரி எடுத்தா முதுகு நீளம் கூடும், முன்பக்கம் குறையும். அப்படி வெட்டித் தச்சா நீ கூனுறதுக்குன்னே ஒரு சட்டை ஆயிரும், அப்புறம் நீ நெனச்சாலும் நிமிர முடியாது. எங்கையால அத வெட்ட மாட்டேன். நிமிரு."

நிமிர்ந்தாள். முதுகெலும்பில் எங்கேயோ நெட்டி முறிந்த சத்தம் மெகருக்குக் கேட்டது. கழுத்துக்குப் பின்னால் துருத்தும் எலும்பிலிருந்து முதுகு நீளம், தோள் முனையிலிருந்து மார்பின் மேடு வரை, மேட்டிலிருந்து மார்புக்குக் கீழ்க்கோடு வரை, ஒரு மேட்டுக்கும் மறு மேட்டுக்கும் உள்ள தூரம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வாய்விட்டுச் சொல்லிச் சுவரிலேயே சாக்பீஸால் எழுதினாள்.

லெஹங்காவுக்கு மேலே போடுகிற சட்டையான சோளியை முதலில் பிரின்சஸ் கட் என்கிற முறையில் வெட்டினாள். சாதாரண ஜாக்கெட்டில் மார்புக்கு வடிவம் கொடுக்க நான்கு பக்கமும் துணியைக் கிள்ளி டார்ட் பிடிப்பார்கள். இதில் டார்ட்டே இல்லை, கைக்குழியில் புறப்படுகிற ஒரே ஒரு வளைந்த தையல் மார்பின் மேட்டைத் தொட்டுக்கொண்டு இடுப்பு விளிம்பு வரை இறங்கும், எடுக்க வேண்டிய அத்தனையையும் அந்த ஒரு கோடே எடுத்துக்கொள்ளும். உள்ளே வைக்கிற பருத்தி லைனிங்கை முந்தின நாளே தண்ணீரில் முக்கிக் காயவைத்தாள், பிறகு சுருங்கி வெளித்துணியை இழுக்கக் கூடாதென்று. முன்கழுத்து படகு மாதிரி தோளிலிருந்து தோளுக்கு; பின்கழுத்து ஆழமாக இறங்கி, தோள்பட்டை வழுக்காமலிருக்க மேலே ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் இரண்டு குஞ்சம். கழுத்து ஓரத்துக்குத் துணியைக் குறுக்காக வெட்டிப் பைப்பிங் என்கிற உருட்டு ஓரம் கொடுத்தாள், குறுக்கு வெட்டுத்தான் வளைவில் சுருங்காமல் படியும். முழங்கை வரை கை. முன்னால் பூவேலை உடைந்துவிடக் கூடாதென்று ஊக்கே வைக்காமல், இடது அக்குளுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஜிப்.

போட்டுப் பார்த்தபோது வடிவுக்கு அது உடம்பில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கண்ணாடியில் தன்னைப் பார்த்து வெட்கப்பட்டுப் பழையபடி கூனினாள். உடனே சோளி சொல்லிவிட்டது: பின்பக்கம் மேலே ஏறியது, கயிறு முதுகில் இறுகியது, முன்கழுத்து வாயைப் பிளந்தது. நிமிர்ந்தாள், எல்லாம் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தன. மறுபடி கூனினாள், மறுபடி கயிறு இறுகியது.

"நல்லாப் பாத்துக்க" என்றாள் மெகர். "எங்க சட்டை பொய்ய ஒத்துக்கிறாது."

அப்புறம் பாவாடை. அதுதான் லெஹங்காவின் ராஜ்ஜியம், சோளி வெறும் கோட்டை வாசல். மயில்கழுத்துப் பட்டைப் பதினாறு கலிகளாக வெட்டினாள். கலி என்றால் மேலே குறுகி கீழே விரிகிற நீளத் துண்டு; பதினாறின் குறுகிய முனைகளும் சேர்ந்தால் இடுப்பு, பதினாறின் அகன்ற முனைகளும் சேர்ந்தால் கீழ்ச்சுற்று. அதனால் இடுப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் படிந்து, தொடையில் மெல்லப் பிரிந்து, முழங்காலுக்குக் கீழே கோயில் தேர்ச்சீலை மாதிரி விரியும். ஒவ்வொரு கலிக்கும் நடுவில் நூல் நேராக ஓடும், இரண்டு ஓரத்திலும் குறுக்காக ஓடும். குறுக்கு ஓரம் கனத்துக்குத் தொங்கும். அது தெரியாதவர்கள் தைத்த அன்றே ஓரம் மடித்துவிட்டு, கல்யாண மண்டபத்தில் ஜாயின்ட் உள்ள இடமெல்லாம் வாலாக இறங்குவதைப் பார்த்து முழிப்பார்கள். மெகர் பதினாறையும் சேர்த்து உத்தரத்துக் கொக்கியில் தொங்கவிட்டு, தொங்க வேண்டியது தொங்கட்டும் என்று இரண்டு நாள் அதன் பக்கமே போகவில்லை.

கீழ்ச்சுற்று மட்டம் பார்க்கிற அன்று வடிவு ஒரு செய்தித்தாள் பொட்டலத்தோடு தனியாக வந்தாள். உள்ளே மூன்று இஞ்ச் குதிகால் செருப்பு ஒரு ஜோடி. முதல் சம்பளத்தில் வாங்கியது, பீரோவுக்கு அடியில் வைத்திருந்தது, ஒரு நாளும் மண்ணை மிதித்ததில்லை.

"செருப்பு உள்ள வரலாமாக்கா? புதுசு."

மெகர் அந்தச் செருப்பைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். எங்கள் ஊரில் மற்றத் தையல்காரர்கள் எல்லோரும் வெறுங்காலில் நிற்க வைத்தே அளவெடுப்பார்கள், ஏனென்றால் செருப்பு வாசலில் கிடக்கும். அதனால்தான் சூலக்கோட்டைப் பெண்களின் லெஹங்கா எல்லாம் மேடையில் கணுக்காலுக்கு மேலே நின்று பல்லிளிக்கும். என்ன செருப்பு போடப் போகிறோமோ அதைப் போட்டுத்தான் தரை மட்டம் குறிக்க வேண்டும் என்பது மெகருக்குத் தெரியும்.

"போட்டு நில்லு. இதத்தான் போடப் போறியா?"

"ஆமாக்கா" என்றாள் வடிவு. ஆசையைத்தான் சொன்னாள், அனுமதி யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

குதிகால் செருப்போடு அவளை நிறுத்தி, தரையில் ஸ்கேலை நட்டு, சுற்றிச் சுற்றி வந்து சாக்பீஸால் கோடு போட்டு மட்டம் வெட்டி, ஓரத்தில் கேன்வாஸ் பட்டை கொடுத்து, ஜரிகைப் பார்டர் வைத்தாள். பார்டரிலிருந்து முளைத்து மேலேறுகிற மாதிரி ஒரு கொடியை ஆரி ஊசியால் பதினாறு கலியிலும் ஓடவிட்டாள். உள்ளே லைனிங், லைனிங்கின்மேல் பாவாடையை விரித்து நிறுத்த விறைப்பான கேன்கேன் வலை. வலையை இடுப்பிலிருந்து தொடங்காமல் இடுப்பெலும்புக்குக் கீழேயிருந்து கொசுவி வைத்தாள், இல்லாவிட்டால் பெண் பானை மாதிரி தெரிவாள். பக்கவாட்டில் ஒரு ஜிப், இடுப்புப் பட்டியில் கயிறு, கயிற்று நுனியில் சோளிக் குஞ்சத்துக்குத் தங்கைகளாக இரண்டு குஞ்சம். மெகர் அதைக் கொக்கியில் மாட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்து ஒரு முழு டம்ளர் டீ குடித்தாள். அவ்வளவு அழகாக இருந்தது. சொல்லித்தானே ஆக வேண்டும்.

செருப்பு விஷயம் அங்கயற்கண்ணிக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்று கேட்கக் கூடாது, ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவள் சீனியம்மாளையும் வடிவையும் இழுத்துக்கொண்டு கடைக்கே வந்தாள்.

"மதினி, நான் நல்ல மனசோட சொல்றேன். எம்மகன் பக்கத்துல ஓலச் செருப்பு மாதிரி தட்டையாத்தான் போடணும். குதிகால் கிதிகாலெல்லாம் வேணாம். மேடையில நாலு பேரு முன்னாடி எம்மகன் தலை தாழ்ந்துச்சுன்னா காலையில தாலி ஏறாது, சொல்லிட்டேன்."

"ஐயோ, நீங்க சொன்னாச் சரிங்க மதினி" என்றாள் சீனியம்மாள். மெகரிடம் திரும்பி, "குறைச்சிரு தாயி" என்றாள்.

வடிவு செருப்புப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த மெகர் டேப்பைச் சுருட்டி, விரித்து, மறுபடி சுருட்டினாள். ஆனாலும் தொழில் தொழில்தான். "வெறுங்காலோட கட்டிக்கிட்டு வா, எவ்வளவு கூடுதுன்னு குறிக்கணும்" என்றாள்.

வடிவு திரைக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். வரும்போதே வித்தியாசம் தெரிந்தது, காலடிச் சத்தம் இல்லை. மெகர் குனிந்து ஓரத்தைப் பார்த்தாள். மூன்று இஞ்ச் பட்டு தரையில் புரள வேண்டும்; புரளவில்லை. ஓரம் தரையைத் தொட்டும் தொடாமலும், குறித்த கோட்டில் குறித்தபடி நின்றது. மெகர் பாவாடையை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தாள். வடிவின் வெறும் பாதங்கள் தரைக்கு மூன்று இஞ்ச் மேலே, குதிகால் சற்று உயர்ந்து விரல்கள் சற்றுத் தாழ்ந்து, செருப்பு போட்ட வாக்கிலேயே இருந்தன. மெகர் அடியில் ஸ்கேலை விட்டு ஒரு தரம் அளந்தாள்.

"மூணு" என்றாள். "சரியா இருக்கு."

செய்தி தெருவுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? மெகர் கடை வாசலில் செருப்புகள் குவிந்தன. காய்கறிக்காரம்மா உள்ளே வந்து, பார்த்து, வெண்டைக்காய்க் கூடையை இறக்கிவைத்துவிட்டு வடிவின் காலுக்கடியில் ஒரு நூலை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்தாள். நூல் தடையில்லாமல் வந்தது. "ஆமா" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். பூக்கட்டுகிறவன் சங்கிலி, மேடையில் இனி ஏணி வேண்டாம், சரத்தைப் பெண்ணே மாட்டிவிடுவாள் என்றான். பூசாரி வெகுநேரம் யோசித்து, மண்ணில் படாத காலுக்குத் தூசி இல்லை, ஆகவே கால் கழுவ வேண்டியதில்லை, ஆனாலும் வழக்கத்துக்காகக் கழுவிக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கமும் நோகாமல் தீர்ப்புச் சொன்னார். வீடியோக்காரன் மட்டும்தான் கவலைப்பட்டான்: காலைக் காட்டினால் கிராபிக்ஸ் என்பார்கள், காட்டாவிட்டால் ஸ்டூல் என்பார்கள். மற்றபடி எல்லோரும் பாவாடை சுற்றுவதைத்தான் பார்த்தோம். வடிவு திரும்பினால் முதலில் இடுப்பு திரும்பும், பிறகு துணிக்குச் சேதி போய் அது திரும்பும், அவள் நின்றபின்னும் அது ஒரு சுற்று போய் வந்து அவள் காலைச் சுற்றிக்கொள்ளும். தரையில் உரசாததால் சத்தமே இல்லாமல் சுற்றியது. இப்படி ஒரு பாவாடையைச் சூலக்கோட்டை பார்த்ததில்லை என்று எதிரிகளே ஒப்புக்கொண்டார்கள்.

அங்கயற்கண்ணி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு விரல் ஏற்கெனவே இருக்கிறது, அதற்குமேல் மூன்று இஞ்ச். "கனத்தைக் கட்டினா இறங்காதா?" என்று கேட்டு, லேத் பட்டறையிலிருந்து இரும்புக் குண்டுகளை வாங்கிவந்து ஓரத்துக் கேன்வாஸுக்குள் போட்டுத் தைக்கச் சொன்னாள். வேண்டாமக்கா, குறுக்குத்துணி கனத்துக்கு இறங்கும் என்று மெகர் சொல்லிப் பார்த்தாள். சொல்பேச்சுக் கேட்டால் அது அங்கயற்கண்ணி இல்லை. குண்டு போட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் கலிகளின் ஓரமெல்லாம் இழுபட்டு, கீழ்ச்சுற்று ஜாயின்ட்டுக்கு ஜாயின்ட் இரண்டு விரல் இறங்கியது. காலையில் வடிவு கட்டிக்கொண்டதும், இறங்கின நீளத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் மேலே போய்விட்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். குண்டுகளை உருவி, ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்தி அழுத்தி மெகர் துணியை மேலேற்றினாள். ஏறியது, முழுக்க ஏறவில்லை. மூன்று மூன்றரையானது.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன" என்று சீனியம்மாள் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"அப்ப வெட்டு" என்றாள் அங்கயற்கண்ணி. "மூன்றரையையும் வெட்டு."

மெகர் பாவாடையை மடியில் போட்டுக்கொண்டாள். "கீழ வெட்ட முடியாதுக்கா. பார்டர மேல தூக்கி வச்சா கொடியோட வேரு மறைஞ்சிரும், கொடி அந்தரத்துல தொங்கும். எடுத்தா இடுப்புலதான் எடுக்கணும். கலி கீழ போகப் போக அகலம், மூன்றரை இறக்குனா இடுப்பு ரெண்டு ஆளுக்கு ஆயிரும். பதினாறு ஜாயின்ட்டையும் பிரிச்சு, ஒவ்வொண்ணையும் ஒடுக்கி, ஜிப்ப மாத்தி, வலையத் திரும்பக் கொசுவணும். செய்வேன். செய்யத் தெரியாதுன்னு ஒருத்தி சொல்லக் கூடாது." தையல் பிரிக்கிற ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு வடிவைப் பார்த்தாள். "ஆனா போடப் போறது நீ. நீ சொல்லு. பிரிக்கவா?"

யாரும் அவளை அதுவரை எதையும் கேட்டதில்லை. அம்மாவின் கண் அவளைக் கெஞ்சியது. எத்தனை வரன் காப்பி குடித்துவிட்டுப் போன வீடு அவர்களுடையது! இந்த வரனும் போனால் அம்மா எழுந்திருக்க மாட்டாள் என்று வடிவுக்குத் தெரியும். பழக்கத்தில் கூனப் போனாள். சோளியை இன்னும் கழற்றியிருக்கவில்லை, கயிறு முதுகில் இறுகியது. நிமிர்ந்தாள்.

"வேணாம்க்கா" என்றாள். "இப்படியே இருக்கட்டும்."

அங்கயற்கண்ணி வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "மேடையில பாத்துக்கிறேன்."

ரிசப்ஷனுக்கு ஊரே வந்துவிட்டது. பந்தியில் முதல் இலைக்குக்கூட ஆள் உட்காரவில்லை, அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். அங்கயற்கண்ணி முன்யோசனைக்காரி, மேடையில் மாப்பிள்ளை நிற்கிற இடத்தில் கம்பளத்துக்கு அடியில் தச்சனிடம் சொல்லி மூன்றரை இஞ்ச் கனத்தில் ஒரு பலகை போட்டிருந்தாள். அதோடு நிற்காமல், மணமகள் அறைக்குள் வந்து, நாலு பக்கமும் பார்டர் வைத்த கனத்த வலைத்துணித் துப்பட்டாவை வடிவின் தலைமேல் போட்டு முழுக்கப் பின்னால் விடச் சொன்னாள், கனத்துக்காவது தலை சாயட்டும் என்று. தலை சாயவில்லை, தரையில் பிடிப்பில்லாத பெண் ஆனதால் ஆளே பின்னால் சாய்ந்தாள், காற்றில் அகப்பட்ட தட்டி மாதிரி. எல்லாவற்றையும் இடது தோளில் குத்தினார்கள். இடது பக்கம் சாய்ந்தாள்.

"தள்ளுங்க" என்று மெகர் உள்ளே வந்தாள். துப்பட்டாவின் ஒரு முனையை நான்கு விரல் மடிப்பாக மடித்து இடது தோளில் முழங்கால் வரை முன்னால் தொங்கவிட்டாள். சேஃப்டி பின்னை வலைத்துணியில் மட்டும் குத்தினால் கிழியும். சோளியின் தோள் தையலையும் லைனிங்கையும் சேர்த்துப் பிடித்துக் குத்தினாள். மிச்சத்தை முதுகில் விரித்து, ஆழக் கழுத்தும் கயிறும் வலைக்குள் நிழலாகத் தெரியும்படி இறக்கி, மறு முனையை வலக்கைக்குக் கீழாக முன்னால் கொண்டுவந்து வலது இடுப்புப் பட்டியில் செருகினாள். பாதிக் கனம் இடது தோளுக்கு, பாதிக் கனம் வலது இடுப்புக்கு. வடிவு தராசு முள் மாதிரி நேராக நின்றாள்.

மேடையில் ராஜவேல் பலகைமேல் நின்றுகொண்டிருந்தான். காலுக்கடியில் பலகை இருப்பது அவனுக்கு ஏறினபோதுதான் தெரிந்திருக்க வேண்டும், அடிக்கடி கம்பளத்தைக் காலால் தடவினான். வடிவு நடந்து வந்தாள். நடை என்றுதான் சொல்ல வேண்டும், வேறு சொல் இல்லை. மயில்கழுத்து நிறம் விளக்குக்கு விளக்கு பச்சையாகவும் நீலமாகவும் மாறியது, பதினாறு கொடிகளும் வேரோடு ஏறின, குஞ்சங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. எங்கள் மண்டபத்தில் அப்படி ஓர் அமைதியை நாங்கள் கரண்ட் போனபோதுகூடக் கேட்டதில்லை. பலகைமேல் நின்றும் அவன் கண் அவள் மூக்குக்குத்தான் வந்தது.

"மாலை போடணும்ல, குனி" என்றாள் அங்கயற்கண்ணி, முன்வரிசையிலிருந்து, எல்லோருக்கும் கேட்க.

வடிவு அம்மாவைப் பார்த்தாள். சீனியம்மாள் வாயை முந்தானையால் மூடியிருந்தாள். தாலி ஏறாது என்ற சொல் அந்த மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. வடிவு குனியவில்லை. கண் நிறைந்துவிட்டது, ஆனால் குனியவில்லை.

ராஜவேல் மாலையைக் கையில் பிடித்தபடி அம்மாவைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். இறங்கினான். கம்பளத்துக்கடியிலிருந்து அதை உருவி ஓரமாகச் சாத்தி வைத்துவிட்டு வந்து, அவளுக்கு முன்னால் தன் சொந்த உயரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"ஏங்க, மேல எப்படி இருக்கு?"

வடிவுக்கு அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. "ஃபேன் காத்து நல்லா வருது" என்றாள்.

"எனக்கு இங்க நல்லா வேர்க்குதுங்க" என்று சொல்லிவிட்டு, குதிகாலைத் தூக்கி எக்கி, மாலையை அவள் தலையைச் சுற்றிப் போட்டான். கொஞ்சம் கொண்டையில் மாட்டியது. அவளே கையால் சரிசெய்துகொண்டாள். அப்புறம்தான் ஊர் பந்திக்குப் போயிற்று. அவியல் தீர்ந்துவிட்டது, அது வேறு கதை.

அங்கயற்கண்ணி சாப்பிடவில்லை. காலையில் பார்க்கலாம் என்றிருந்தாள். லெஹங்காவைக் கழற்றிவிட்டால் கூறைப்புடவை, புடவையில் ஜாலம் இல்லை, பெண் தரைக்கு வந்துதானே ஆக வேண்டும், வந்தால் பழையபடி இரண்டு விரலோடு கூனி நிற்பாள், அதோடு இந்தக் கதை முடியும்.

விடிந்தது. சீனியம்மாள் மகளுக்கு வழக்கமாகக் கட்டுகிற அளவில் கூறைப்புடவையைக் கட்டிவிட்டாள். மயில்கழுத்து லெஹங்கா மணமகள் அறைக் கொக்கியில், உள்ளே ஆளில்லாமல், மற்ற எந்தத் துணியையும்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. வடிவு வெறுங்காலோடு மணவறைக்கு வந்தாள். எங்களுக்கு அவள் இன்னும் மேலே வருவதாகத்தான் பட்டது. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றபோது அவன் கண் மறுபடியும் அவள் மூக்குக்கே வந்தது.

அங்கயற்கண்ணி எழுந்து மணவறைக்குப் போனாள். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தினார். ஊர் பார்க்கக் குனிந்து, மருமகளாகப் போகிறவளின் புடவைக் கரையைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு பாதங்களும் தரையில், மணையோரத்துக் கோலப்பொடியில், குதிகால் முதல் விரல் வரை முழுசாகப் பதிந்திருந்தன. நம்பாமல் விரலை அடியில் விட்டுப் பார்த்தாள். விரல் போகவில்லை.

"அப்ப இது என்னது?"

"இது என் உயரம் அத்தே" என்றாள் வடிவு.

சீனியம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டாள். தூக்கின கரையை அங்கயற்கண்ணி கீழே விட்டாள். கூனின பெண்ணுக்கென்று கட்டிய புடவை, நிமிர்ந்த பெண்ணுக்குக் கணுக்காலோடு நின்றுவிட்டது. அவள் அதை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, சம்பந்தியைப் பார்த்து அதட்டினாள்:

"மதினி, என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? புள்ளைக்குக் கணுக்கால் தெரியுது. முகூர்த்தத்துக்குள்ள கொசுவத்தை இறக்கிக் கட்டி விடுங்க."